பொங்கி வழிந்த பாட்டில்: கொம்புச்சா லேபிளை எப்படிப் படிப்பது?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்த தம்பி, ஆர்கானிக் கடையிலிருந்து ஒரு கொம்புச்சா பாட்டில் வாங்கி வந்திருந்தான். 330 மில்லி, இஞ்சி–எலுமிச்சை. மூடியைத் திருகியதும் பாட்டிலில் பாதி நுரையாகப் பொங்கி மேஜை விரிப்பில் வழிந்துவிட்டது. துடைத்துக்கொண்டே அத்தை கேட்டார்: "ஏண்டா, சுகர் இருக்கிறவங்க இதைக் குடிக்கலாமா?" ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும் தங்கை, "நான் குடிக்கலாமா?" என்றாள். தம்பி பாட்டிலின் முன்பக்கத்தைக் காட்டினான். 'உயிருள்ள கிருமிகள்', 'ப்ரோபயாட்டிக்', 'டீடாக்ஸ்', 'குறைந்த சர்க்கரை', 'ஆல்கஹால் அற்றது' என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். அவனைப் பொறுத்தவரை கேள்வி அதோடு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. அந்த ஐந்து சொற்களும் ஒரே பாட்டிலில் ஒன்றாகக் குடியிருக்க முடியுமா என்பதுதான் சந்தேகம். மேஜையில் பொங்கிய நுரையே அதில் ஒன்றுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் இது என்ன பானம் என்று பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறேழு கிராம் தேயிலையைக் கொதிக்கவிட்டு, 60–70 கிராம் சர்க்கரை கரைத்து, நன்றாக ஆறியபின் முந்தைய தடவை தயாரித்த புளித்த டீயில் ஒரு டம்ளர் ஊற்றுவார்கள். பாலுக்கு உறை ஊற்றுகிற அதே கதைதான். கூடவே ஜெல்லி மாதிரி ஒரு தடித்த ஆடையையும் மிதக்கவிடுவார்கள். இதற்கு ஸ்கோபி என்று பெயர், வீட்டில் தயாரிப்பவர்கள் 'தாய்' என்பார்கள். காளான் என்று சொல்பவர்களும் உண்டு, ஆனால் அது காளான் கிடையாது. அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் நெய்த செல்லுலோஸ் பாய் அது. அதற்குள் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன.

வாயைத் துணியால் கட்டி, ஏழு முதல் பதினான்கு நாள் வரை வைப்பார்கள். உள்ளே வேலை இரண்டு ஷிஃப்டாக நடக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. அந்த ஆல்கஹாலைப் பாக்டீரியா எடுத்து, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்த்து வினிகராக மாற்றுகிறது. கொம்புச்சாவின் புளிப்பு பெரும்பாலும் இந்த வினிகர்ப் புளிப்புதான். இந்த இரண்டாவது ஷிஃப்டுக்குக் காற்று கட்டாயம் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது.

நுரையின் கணக்கு

துணி கட்டிய ஜாடியில் நுரை நிற்காது, வாயு வெளியே போய்விடும். குடிக்கும்போது சுள்ளென்று இருக்க வேண்டுமென்றால், புளித்த டீயைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் பழச்சாறோ இஞ்சிச்சாறும் சர்க்கரையுமோ சேர்த்து, இறுக மூடி இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். இப்போது காற்று கிடையாது. பாக்டீரியாவின் ஷிஃப்ட் நின்றுபோகிறது. ஈஸ்ட்டுக்குக் காற்றில்லாவிட்டாலும் கவலையில்லை, அது தன் வேலையைப் பார்க்கிறது. வாயுவும் உள்ளேயே நிற்கிறது, ஆல்கஹாலும் உள்ளேயே நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூடிய பாட்டிலில் ஈஸ்ட், லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரையைத் தின்றதாக வைத்துக்கொள்வோம். இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதில் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகவும் பாதி கரியமில வாயுவாகவும் மாறும். ஐந்து கிராம் வாயு என்பது ஒரு லிட்டர் பானத்தைப் பீர் அளவுக்கு நுரைக்க வைக்கப் போதும். ஐந்து கிராம் ஆல்கஹால் என்பது கன அளவில் ஆறு மில்லிக்குச் சற்று மேல், அதாவது 0.6 சதவீதம்.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அதை மதுபானம் என்கிறது. அமெரிக்காவிலும் எல்லைக்கோடு 0.5-தான். ஆக, பாட்டிலுக்குள்ளேயே இயற்கையாக நுரை பிடித்த கொம்புச்சா, அந்தக் கோட்டின் மேலேயோ பக்கத்திலேயோதான் நிற்கும். முதல் கட்டத்தில் வினிகராக மாறாமல் தங்கிய ஆல்கஹாலை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

2010-ல் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. மெய்ன் மாநிலத்தில் ஓர் ஆய்வாளர், கடை அலமாரியிலிருந்த கொம்புச்சா பாட்டில்களில் நுரை கசிவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுச் சோதனைக்கு அனுப்பினார். லேபிளில் சொன்னதைவிட ஆல்கஹால் அதிகம். அந்த ஆண்டு ஜூனில் ஹோல் ஃபுட்ஸ் கடைகள் நாடு முழுக்கக் கொம்புச்சாவை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. ஆலையை விட்டுப் புறப்பட்டபோது 0.5-க்குக் கீழே இருந்த பாட்டில்கூட வழியில், லாரியில், கடையில், மூடிக்குள்ளேயே புளித்து ஏறிவிடும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

பனைமரம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட்டுக்கு வேலை ஓடாது, அது இல்லாத கலயத்தில் மரத்திலேயே நுரைக்க ஆரம்பித்துவிடும். சர்க்கரையும் ஈஸ்ட்டும் வெதுவெதுப்பும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஆல்கஹால் வரும், லேபிள் என்ன சொன்னாலும். கள்ளுக்குத் தடை இருக்கும் தமிழ்நாட்டில், சென்னை வெயிலில், குளிர்பெட்டி இல்லாமல் ஒரு கொம்புச்சா பாட்டில் கடைக்குக் கடை பயணம் செய்வதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 0.6 சதவீதத்தில் 330 மில்லி குடித்தால் உள்ளே போவது இரண்டு மில்லி ஆல்கஹால். அதே அளவு பீரில் பதினாறு மில்லிக்கு மேல் இருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் 'துளியும் கூடாது' என்று இருப்பவருக்கு 'அற்றது' என்ற சொல் பொய்யான நிம்மதியைத் தருகிறது. மதநெறிப்படி மதுவைத் தவிர்ப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அப்படியானால் ஆல்கஹால் அற்ற கொம்புச்சா கிடையாதா?

உண்டு. ஆனால் அதற்கு ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். சில பெரிய தயாரிப்பாளர்கள் நுண்ணிய வடிகட்டியில் ஈஸ்ட்டைப் பிடித்துவிட்டு, சோடாவில் செய்வதுபோல வாயுவை வெளியிலிருந்து ஏற்றுகிறார்கள். சிலர் குறைந்த அழுத்தத்தில் சூடாக்கி ஆல்கஹாலைப் பிரித்தெடுக்கிறார்கள். வேறு சிலர் பாலைப் போலப் பாஸ்டரைஸ் செய்துவிடுகிறார்கள். பாஸ்டரைஸ் செய்த பாட்டில் மாதக்கணக்கில் வெளியே இருந்தாலும் பொங்காது, உள்ளே உயிரோடு எதுவும் இல்லையே.

இங்கேதான் லேபிளில் ஒரு சாமர்த்தியம் நடக்கிறது. பாஸ்டரைஸ் செய்த பிறகு, பேசில்லஸ் கோயாகுலன்ஸ் மாதிரி ஒரு பாக்டீரியாவின் வித்துகளைத் தனியாகத் தூவிவிட்டு 'ப்ரோபயாட்டிக் கொம்புச்சா' என்று விற்கலாம். இந்த வித்துகள் சூட்டையும் அமிலத்தையும் தாங்கும், தூங்கிக்கொண்டே இருக்கும், பாட்டிலையும் பொங்க வைக்காது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் டீயைப் பத்து நாள் புளிக்கவைத்த கிருமிகளுக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. அதையே எலுமிச்சைச் சாற்றில் தூவினாலும் அதே கிருமிதான் வயிற்றுக்குள் போகும்.

எனவே கடையில் நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியை: எங்கே வைக்க வேண்டும்? 'குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்' என்றிருந்தால் உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம், அதோடு கொஞ்சம் ஆல்கஹாலும் இருக்கும். 'உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்றிருந்தால் அது வடிகட்டியதோ பாஸ்டரைஸ் செய்ததோ. முதல் வகையை வெளி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். தம்பி வாங்கிய பாட்டிலில் குளிரில் வைக்கவும் என்றுதான் போட்டிருந்தது. "ஃப்ரிட்ஜிலிருந்தா எடுத்துக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன். "இல்லையே, ரேக்கில்தான் இருந்தது" என்றான். மேஜை விரிப்பு நனைந்த காரணம் புரிந்தது.

'ப்ரோபயாட்டிக்' என்ற சொல்

இந்தச் சொல்லுக்கு அறிவியலில் கறாரான பொருள் உண்டு. போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தருவதாகக் காட்டப்பட்ட உயிருள்ள நுண்ணுயிர் என்பதே அது. உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கிருமி, எத்தனை, எந்த நன்மை என்று மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். 'எந்தக் கிருமி' என்றால் குலம், இனம் மட்டும் சொன்னால் பத்தாது, அதற்கும் கீழே ரகம்வரை போக வேண்டும். முருகன் என்று பெயர் சொல்லித் தெருவில் விசாரித்தால் பத்துப் பேர் வருவார்கள், இனிஷியலும் வீட்டு எண்ணும் சேர்த்தால்தானே ஆள் கிடைப்பார்? அதுபோலத்தான். யாகுல்ட் பாட்டிலில் பார்த்திருப்பீர்கள், ஷிரோட்டா என்று ரகத்தின் பெயரும், 65 மில்லியில் 650 கோடிக்கு மேல் என்ற எண்ணிக்கையும் இருக்கும். அதன் நன்மை எவ்வளவு என்பது தனி விவாதம். ஆனால் குறைந்தபட்சம் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிகிறது.

கொம்புச்சாவில் இது நடப்பது அரிது. அதில் வாழ்பவை முக்கியமாக அசிட்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும். குடலுக்கு நல்லது என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்டிய ரகங்கள் பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியா, பிஃபிடோ பாக்டீரியா குடும்பங்களைச் சேர்ந்தவை. சில ஜாடிகளில் லாக்டிக் பாக்டீரியா இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஒரே தயாரிப்பாளரின் இரண்டு தவணைகளுக்கு இடையில்கூட மாறும். அதனால் 'கோடிக்கணக்கான நல்ல கிருமிகள்' என்று மட்டும் போட்டு, ரகமும் எண்ணிக்கையும் போடாத பாட்டிலை, புளித்த டீ என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை போட்டிருந்தால், அது ஆலையில் எண்ணியதா, காலாவதி நாள்வரை இருப்பதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஏராளமான கிருமிகள் செத்துப்போகலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த விஷயத்தில் பிடிவாதமானது. விண்ணப்பித்த ப்ரோபயாட்டிக் கோரிக்கைகள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகின. தப்பிப் பிழைத்தது மிக எளிமையான ஒன்று: பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு, யோகர்ட்டில் இருக்கும் உயிருள்ள உறைக் கிருமிகள் அந்தச் சர்க்கரையைச் செரிக்க உதவும். அவ்வளவுதான். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் பலர் தயிரும் மோரும் தாங்கிக்கொள்வதை நாம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

அதற்காகப் புளித்த உணவுகளுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2021-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான பெரியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பத்து வாரம் புளித்த உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் கிருமிகளின் வகைகள் கூடின, உடலில் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் சாப்பிட்டது யோகர்ட், கெஃபிர் என்ற புளித்த பால் பானம், கிம்ச்சி என்ற கொரியக் காய்கறி ஊறுகாய், காய்கறி ஊறிய நீர், கொம்புச்சா எல்லாம் கலந்து, ஒரு நாளைக்குச் சராசரியாக ஆறு வேளை அளவு. அந்த ஆய்வை ஒரு கொம்புச்சா பாட்டிலில் ஒட்டி விற்பது, கல்யாண விருந்தின் புகழை அப்பளத்துக்குக் கொடுக்கிற மாதிரி.

'டீடாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் குளுக்குரோனிக் அமிலம் என்று ஒன்றைச் சொல்வார்கள். கொம்புச்சாவில் அது கொஞ்சம் உண்டு. கல்லீரலும் மருந்து, கழிவு முதலியவற்றை வெளியேற்ற அதே அமிலத்தை அவற்றோடு ஒட்டி அனுப்புகிறது. இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ஆகவே குடித்தால் கல்லீரல் சுத்தமாகும்' என்று மூன்றாவதாக ஒன்றைச் செய்துவிட்டார்கள். கல்லீரல் தனக்கு வேண்டியதைச் செல்லுக்குள்ளேயே குளுக்கோஸிலிருந்து செய்துகொள்கிறது. அதற்குப் பாட்டிலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அவசியமில்லை.

அத்தையின் கேள்வி

இனி சர்க்கரைக்கு வருவோம். 'சர்க்கரையையெல்லாம் கிருமி தின்றுவிடும்' என்பது தயாரிப்பவர்கள் சொல்லும் பழைய சமாதானம். முழுவதும் தின்றுவிட்டால் வாயில் வைக்க முடியாத வினிகர்தான் மிஞ்சும். குடிக்கும்படி இனிப்பும் புளிப்புமாக இருக்கிறதென்றால் சர்க்கரை மிச்சமிருக்கிறது. ஒரு வாரத்தில் நிறுத்தினால் போட்டதில் பாதிக்கு மேல் மிச்சமிருப்பது சாதாரணம். அதன்மேல் பழச்சாறு வேறு.

தம்பியின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். 100 மில்லியில் சர்க்கரை 4.6 கிராம். முன்பக்கத்தில் 'குறைந்த சர்க்கரை' என்று சொன்னது இதைத்தான். ஆனால் 100 மில்லி குடித்துவிட்டு யார் பாட்டிலை மூடி வைக்கிறார்கள்? 330 மில்லிக்கு 15 கிராம், கிட்டத்தட்ட நான்கு தேக்கரண்டி. கோலாவில் அதே அளவுக்கு 35 கிராம் இருக்கும், அதோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு, உண்மை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தை காலையிலும் மாலையிலும் சர்க்கரை போடாத காபி குடித்துச் சேமித்ததெல்லாம் ஒரே பாட்டிலில் போய்விடும்.

"சுகர் குறையும்னு ஆராய்ச்சியே இருக்கே" என்றான் தம்பி. இருக்கிறது. 2023-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் தினமும் 240 மில்லி கொம்புச்சாவை நான்கு வாரம் குடித்ததில், வெறும் வயிற்றுச் சர்க்கரையின் சராசரி 164-லிருந்து 116-க்கு இறங்கியது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சேர்க்கப்பட்டவர்கள் மொத்தமே 12 பேர். அதிலும் கடைசிவரை முழுத் தகவல் கிடைத்தவர்கள் இன்னும் குறைவு. கொம்புச்சா மாதிரியே சுவை கொண்ட போலிப் பானம் குடித்த வாரங்களிலும் சராசரி 162-லிருந்து 141-க்கு இறங்கியிருந்தது. அது முன்னோட்ட ஆய்வு, பெரிதாகச் செய்து பார்க்கலாமா என்று முடிவெடுப்பதற்கு. ஆய்வாளர்களே அப்படித்தான் சொன்னார்கள். அந்தப் பானத்தில் இருந்த சர்க்கரையும் நம் கையிலிருந்த பாட்டிலின் சர்க்கரையும் ஒன்று என்று யார் சொன்னது? மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று விற்பவற்றில் ஸ்டீவியாவோ எரித்ரிடாலோ இருக்கும். சர்க்கரைக் கணக்கு சரியாகும், ஆனால் எரித்ரிடால் போன்றவை சிலருக்கு வயிற்றை உப்ப வைக்கும். இன்னொன்று: இனிப்பு எதிலிருந்து வந்தாலும் கொம்புச்சாவின் பி.எச். மூன்றை ஒட்டித்தான் இருக்கும். பி.எச். என்பது அமிலத்தின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். பல்லின் எனாமல் 5.5-க்குக் கீழே கரைய ஆரம்பிக்கும். அலுவலக மேஜையில் பாட்டிலை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சிறுகச் சிறுகக் குடிப்பதைவிட, சாப்பாட்டோடு குடித்து முடித்து வாய் கொப்பளிப்பது பல்லுக்கு நல்லது. குடித்தவுடனே பல் துலக்காதீர்கள்.

யார் தொடக்கூடாது

தங்கைக்கு நான் வேண்டாம் என்றேன். கர்ப்ப காலத்தில் மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாத ஆல்கஹால், பாஸ்டரைஸ் செய்யாத பானம், அதன்மேல் டீயின் கஃபீன். பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் இதே பதில்தான்.

நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், அதாவது புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டு மருந்து சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி. முற்றிய நிலையில் இருப்பவர்கள், உயிருள்ள கிருமி என்று விற்கும் எந்தப் பானத்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஆரோக்கியமானவர் உடலில் சாதுவாக இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இவர்கள் ரத்தத்தில் கலந்துவிட்டால் தொற்றாகிவிடும். கல்லீரல், சிறுநீரக நோய் முற்றியவர்களும் இந்தப் பட்டியலில்தான்.

குடியை நிறுத்தியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குடியை விடுவதற்காகக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறிதளவு ஆல்கஹால்கூட முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்க வைக்கலாம். மாத்திரை இல்லாவிட்டாலும், பீர் மாதிரி நுரைத்து, பீர் பாட்டில் மாதிரி இருப்பதைத் திறப்பதே சிலருக்குப் பழைய பாதையைக் காட்டிவிடும். காசநோய்க்கு ஐசோநையசிட் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். புளித்த உணவுகளில் டைரமின், ஹிஸ்டமின் என்ற பொருள்கள் சேர வாய்ப்புண்டு. அவை உடையாமல் தங்க இந்த மருந்து வழிசெய்யும். தலைவலி, முகம் சிவத்தல், படபடப்பு வந்தால் காரணம் புரியாமல் குழம்புவோம்.

நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அறிவுரையே தேவையில்லை, முதல் மடக்கே சொல்லிவிடும்.

கொம்புச்சா என்றாலே எல்லோரும் எடுத்துச் சொல்வது 1995-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்தது. ஒரே 'தாயிலிருந்து' வீட்டில் தயாரித்ததைத் தினமும் சுமார் இரண்டு மாதம் குடித்துவந்த இரண்டு பெண்கள், ரத்தத்தில் அமிலம் ஏறி மருத்துவமனைக்குப் போனார்கள். ஒருவர் இறந்துபோனார். கொம்புச்சாதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. அதே தாயிலிருந்து பிரிந்த ஆடைகளை வைத்துத் தயாரித்துக் குடித்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விசாரணையில் தெரிந்த ஒரு விவரம் முக்கியம். அவர்களில் ஒருவர் குடிக்கும் அளவை மூன்று மடங்காக்கி, புளிக்கவைக்கும் நாட்களையும் ஏழிலிருந்து பதினான்காக நீட்டியிருந்தார். ஆரோக்கியமானவர் நாளொன்றுக்கு நான்கு அவுன்ஸ் குடித்தால் பாதகம் இருக்காது என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அப்போது சொன்னது. நான்கு அவுன்ஸ் என்பது சுமார் 120 மில்லி, ஒரு காபி டம்ளர்.

வீட்டில் தயாரிப்பவர்களுக்கு இரண்டே விஷயம். ஒன்று பாத்திரம். பித்தளை, செம்பு, மெருகு பூசிய பீங்கான் எதுவும் ஆகாது, கண்ணாடி மட்டும்தான். பி.எச். மூன்றில் இரண்டு வாரம் ஊறும் அமிலம் பூச்சிலிருக்கும் காரீயத்தைக்கூட இழுத்துவிடும், அப்படி நஞ்சேறிய சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இன்னொன்று புளிப்பின் வேகம். பழைய புளித்த டீ லிட்டருக்குக் குறைந்தது 100 மில்லியாவது ஊற்றி ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முதல் சில நாட்களில் பூஞ்சையை விரட்டும் காவல். ஒரு வாரத்தில் பி.எச். 4.2-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் கொட்டிவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பி.எச். தாள் போதும், நாக்கை நம்பாதீர்கள், இனிப்பு அதை ஏமாற்றிவிடும். ஆடைக்குக் கீழே பழுப்பு நூலாகத் தொங்குவது ஈஸ்ட், பயமில்லை. ஆடையின் மேலே உலர்ந்து, பஞ்சுபோல, பச்சையாகவோ கறுப்பாகவோ வட்டம் தெரிந்தால் அது பூஞ்சை. ஆடையைக் கழுவி மறுபடி போடலாம் என்று நினைக்காமல் தாயோடு சேர்த்துக் கொட்ட வேண்டும்.

மற்ற பானங்களுக்கும் இதே கேள்விகள்தான், பதில் மட்டும் மாறும். பால் கெஃபிரில் லாக்டிக் பாக்டீரியா ஏராளம், ஈஸ்ட்டும் உண்டு என்பதால் கொஞ்சம் ஆல்கஹாலும் உண்டு. தண்ணீர் கெஃபிர் சர்க்கரைத் தண்ணீரில் வளர்வது, நுரைக் கணக்கு அப்படியே பொருந்தும். வடநாட்டுக் காஞ்சி கறுப்பு கேரட்டும் கடுகும் உப்பும் போட்டு வெயிலில் வைப்பது, அதில் சர்க்கரை குறைவு, உப்பைத்தான் பார்க்க வேண்டும், முக்கியமாக ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள். நம் நீராகாரத்துக்கும் மோருக்கும் லேபிளே கிடையாது, எந்த ரகம், எத்தனை கோடி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவை அப்படி எதையும் கோரவும் இல்லை, விலையும் 150 ரூபாய் இல்லை. பழைய சோற்றை மட்டும் கோடையில் காலையோடு முடித்துக்கொள்ளுங்கள், மத்தியானம்வரை வைக்க வேண்டாம்.

அன்றைக்குப் பாட்டிலில் பொங்கி வழிந்தது போக மிஞ்சியதை, நானும் தம்பியும் ஆளுக்குக் கால் டம்ளர் சாப்பாட்டோடு குடித்தோம். இஞ்சி நன்றாகவே இருந்தது. அத்தை ஒரு வாய் மட்டும் ருசி பார்த்துவிட்டு, "வினிகரில் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கு" என்று டம்ளரைத் தள்ளிவைத்தார். தங்கை மோர் கேட்டாள்.